பெட்டிக்குள் போன உருப்படிக்குக் கூலி போனதா? சம்பளத் தணிக்கையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தணிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

அரசுத் துறையின் சார்பிலோ, ஆடைகளை வாங்கும் நிறுவனங்களின் சார்பிலோ, நிர்வாகமே நியமித்த கணக்காயராகவோ தையல் கூடங்களுக்கு வந்து, தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பெறும் பீஸ் ரேட் தொழிலாளர்களின் சம்பளப் பதிவேட்டைச் சரிபார்த்துக் கையொப்பமிடும் உங்கள் அனைவருக்கும் இம்மடலை எழுதுகிறேன். நான் பல ஆண்டுகள் தையல் பிரிவில் உற்பத்திக் கணக்கு எழுதியவன். இப்போது சம்பளச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் டெய்லர்களுக்கு அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று படித்துச் சொல்கிறேன். உங்கள் சரிபார்ப்பு முறையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது என்பதையும், அதை அடைக்க ஒரே ஒரு கணக்கு போதும் என்பதையும் சொல்வதற்காகவே எழுதுகிறேன்.

நீங்கள் வழக்கமாகச் செய்வது இது. சில தொழிலாளர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய சம்பளச் சீட்டை எடுத்து, அதிலுள்ள தொகை பதிவேட்டிலும் வங்கிக்குப் போன பட்டியலிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். இருக்கும். மூன்றும் ஒரே கணினியிலிருந்து, ஒரே பதிவிலிருந்து அச்சாகின்றன. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதில் வியப்பில்லை. ஆனால் அந்தப் பதிவுக்குள் 2,300 உருப்படி என்று ஓர் எண் எப்படி வந்தது, தைத்தது 2,300 தானா, அல்லது தைத்ததிலிருந்து ஏதோ கழிக்கப்பட்டு 2,300 ஆனதா என்பதை அந்த மூன்று தாள்களில் எதுவும் சொல்லாது. கூலி குறைவது பெரும்பாலும் பெருக்கலில் அன்று. பெருக்குவதற்கு முன்பே, எண்ணிக்கையில்.

எண்ணிக்கை எப்படிப் பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். கட்டிங் பிரிவில் வெட்டப்பட்ட துணி பண்டில்களாகக் கட்டப்பட்டு, ஒவ்வொரு பண்டிலிலும் ஒரு சீட்டு இணைக்கப்படுகிறது. ஸ்டைல் எண், நிறம், அளவு, பண்டில் எண், அதிலுள்ள உருப்படிகள், செய்ய வேண்டிய வேலைகள் ஆகியவை அதில் இருக்கும். ஓவர்லாக் எந்திரத்தில் கை ஏற்றுகிறவர், அதாவது சட்டையின் கைப்பகுதியை உடலோடு சேர்த்துத் தைப்பவர், தம் வேலை முடிந்ததும் தமக்குரிய கூப்பனைக் கிழித்துத் தாளில் ஒட்டிக்கொள்கிறார். சில இடங்களில் கூப்பனுக்குப் பதிலாக ஸ்கேன் செய்கிறார்கள். இதுவரை கணக்கு நேர்மையானது, ஏனெனில் கூப்பன் தொழிலாளியின் கையில் இருக்கிறது. அடுத்து ஆடை செக்கிங் மேசைக்குப் போகிறது. அங்கே குறை கண்ட உருப்படி ‘ஆல்டர்’ என்று ஒதுக்கப்பட்டுத் தைத்தவரிடமே திரும்பி வருகிறது. அவர் தையலைப் பிரித்து மறுபடி தைத்துக் கொடுக்கிறார். பெரும்பாலானவை இரண்டாம் முறை பாஸ் ஆகிவிடும். சரிசெய்யவே முடியாத மிகச் சிலவே இறுதியாக ‘ரிஜெக்ட்’ ஆகின்றன.

தவறு நுழையும் இடம் இதுதான். செக்கிங் மேசையில் ஒதுக்கும்போது எண்ணிக்கை ‘குறை’ என்ற தலைப்பில் நோட்டில் ஏறுகிறது. அன்று மாலையே அது தொழிலாளியின் கணக்கிலிருந்து கழிக்கப்படுகிறது. அந்த உருப்படி சரிசெய்யப்பட்டுத் திரும்பி வந்து பாஸ் ஆகும்போது, அதைத் திருப்பிக் கூட்டுவதற்குப் பல கூடங்களின் நோட்டில் பத்தியே கிடையாது. யாரும் திட்டமிட்டு ஏமாற்றினார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. கழிக்க ஒரு பத்தி இருக்கிறது, கூட்ட ஒரு பத்தி இல்லை. நாள்தோறும் எழுதுகிறவர் நோட்டில் இருக்கும் பத்திகளைத்தான் நிரப்புவார். விளைவு என்னவோ ஒன்றுதான்: தொழிலாளி அந்த உருப்படியை இரண்டு முறை தைக்கிறார், ஒரு முறைக்குக்கூடக் கூலி பெறுவதில்லை, ஆடை மட்டும் பெட்டியேறிப் போய்விடுகிறது.

இதைக் கண்டுபிடிக்கும் கணக்கு மிக எளியது. பெட்டிக்குள் போன ஒவ்வொரு சட்டையிலும் கை இருக்கிறது. அதை யாரோ ஒருவர் ஏற்றியிருக்கிறார். ஆகவே ஒரு ஸ்டைல் முழுவதும் முடிந்த பிறகு, கை ஏற்றும் வேலைக்காக எல்லாத் தொழிலாளர்களுக்கும் சேர்த்துக் கூலி கொடுக்கப்பட்ட உருப்படிகளின் எண்ணிக்கை, பேக்கிங் பட்டியலில் உள்ள எண்ணிக்கையைவிடக் குறைவாக இருக்கவே கூடாது. குறைந்தால், குறைந்த அளவுக்கு ஆடைகள் கூலியின்றி அனுப்பப்பட்டிருக்கின்றன என்று பொருள்.

ஓர் ஆர்டரை எடுத்துக்கொள்வோம். விளக்கத்திற்காக நான் வைத்துக்கொண்ட எண்கள் இவை. கட்டிங்கில் வெட்டியது 1,000. மாதிரிக்கும் இதர தேவைக்கும் 10 போக, தையலுக்கு வந்தது 990. கை ஏற்றிய இடத்தில் குறையென்று செக்கிங் நோட்டில் ஏறியது 69. அவற்றில் இறுதியாக ரிஜெக்ட் ஆனது 14. வேறு காரணத்தால் எதுவும் ஒதுக்கப்படவில்லை. பேக்கிங் பட்டியல் 976 என்கிறது. கூலிப் பதிவேட்டில் கை ஏற்றும் வேலைக்கு எல்லாருடைய எண்ணிக்கையையும் கூட்டினால் 921 வருகிறது. 976-இல் 921 போக மீதி 55. அதே 55, நோட்டில் ஏறிய 69-இல் இருந்து ரிஜெக்ட் ஆன 14-ஐக் கழித்தாலும் வருகிறது. இரண்டு வெவ்வேறு வழிகளில் ஒரே எண் வரும்போது, விடுபட்டது எது என்பது தெளிவாகிவிடுகிறது: சரிசெய்து திரும்பிய உருப்படிகள். ஒரு தொழிலாளியையும் நேர்காணல் செய்யாமல், எவரையும் மேற்பார்வையாளரின் கோபத்துக்கு ஆளாக்காமல் இதை நீங்கள் கண்டுகொள்ளலாம்.

சில எச்சரிக்கைகள் உண்டு. அதே வேலையை நாள் கூலிக்காரர் யாராவது செய்திருந்தாலோ, ஒரு பகுதி வெளியே கொடுத்துத் தைக்கப்பட்டிருந்தாலோ, அந்த எண்ணிக்கையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆர்டர் முடியாத நிலையில் இக்கணக்கைப் போட்டால் லைனில் நிற்கும் உருப்படிகள் குழப்பும். எனவே முழுவதும் அனுப்பி முடித்த ஸ்டைலையே எடுக்க வேண்டும். இன்னொன்றையும் நிர்வாகத்தின் பக்கம் நின்று சொல்ல வேண்டும்: இதே கணக்கு எதிர்த்திசையிலும் வேலை செய்யும். கூலி கொடுத்த எண்ணிக்கை தையலுக்கு வந்த எண்ணிக்கையைத் தாண்டினால், யாரோ ஒருவர் ஒரே கூப்பனை இருமுறை காட்டியிருக்கலாம். கணக்குச் சரியாக இருப்பதில் நிர்வாகத்துக்கும் ஆதாயம் உண்டு.

இனி ஒரு தொழிலாளியின் வாரத்துக்கு வருகிறேன். உருப்படிக்கு உருப்படி விகிதம் மாறும்போதும், கழிவு ஒரே வரியில் அச்சாகும்போதும் என்ன நேர்கிறது என்பது அங்கேதான் புலப்படும். ஓவர்லாக்கில் கை ஏற்றும் ஒருவர் ஒரு வாரத்தில் மூன்று வகை ஆடைகளில் வேலை செய்திருக்கிறார் என்று கொள்வோம். வட்டக்கழுத்து பனியன் 1,200, உருப்படிக்கு 1.50 ரூபாய், போலோ சட்டை 800, உருப்படிக்கு 2.25, குழந்தைகள் சட்டை 400, உருப்படிக்கு 1.25. முறையே 1,800, 1,800, 500 என மொத்தம் 4,100 ரூபாய்க்கு வேலை நடந்திருக்கிறது. அவருடைய சீட்டிலோ நான்கே வரிகள்: உருப்படி 2,300, தொகை 3,923, தரக் கழிவு 300, கையில் கிடைப்பது 3,623. இதில் பெருக்கல் கூட்டல் பிழை ஒன்றும் இல்லை என்பதைக் கவனியுங்கள். நீங்கள் பதிவேட்டோடு ஒப்பிட்டால் ஒரு காசு வேறுபாடு இராது.

செக்கிங் நோட்டைத் திறந்தால்தான் 2,400 எப்படி 2,300 ஆயிற்று என்பது தெரியும். பனியனில் 48, போலோவில் 40, குழந்தைகள் சட்டையில் 12 என நூறு உருப்படிகள் குறையென்று ஒதுக்கப்பட்டு, அந்தந்த விகிதத்தில் 177 ரூபாய் கழிக்கப்பட்டிருக்கிறது. அந்த நூற்றில் தொண்ணூறு சரிசெய்யப்பட்டுப் பாஸ் ஆகிவிட்டன: பனியன் 42, போலோ 36, குழந்தைகள் சட்டை பன்னிரண்டும். இவற்றுக்கு மட்டும் 63, 81, 15 என 159 ரூபாய் திருப்பிச் சேர வேண்டும். சேரவில்லை.

மீதிப் பத்தும் உண்மையிலேயே ரிஜெக்ட். ஆனால் யாரால் ரிஜெக்ட்? பனியன் ஆறில் மூன்று துணியில் நிட்டிங்கிலேயே விழுந்த ஓட்டை, இரண்டு, உடலும் கையும் வெவ்வேறு சாயத் தொகுதியிலிருந்து வந்த நிற வேறுபாடு, ஒன்றுதான் தையல். போலோ நான்கில் இரண்டு, கட்டிங்கில் அளவு தவறியவை. மற்ற இரண்டில் ஓவர்லாக் கத்தி துணியைக் கடித்துவிட்டது. ஆக, தையலில் கெட்டவை மூன்று. ஏனைய ஏழிலும் அவர் தம் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறார். அவற்றின் கூலியை நிறுத்தக் காரணமில்லை. சொல்லப்போனால், ஓட்டை விழுந்த துணியும் நிறம் மாறிய கையும் தையலுக்கு வருவதற்கு முன்பே பண்டிலிலிருந்து எடுக்கப்பட்டிருக்க வேண்டியவை.

அடுத்து அந்த 300 ரூபாய். பத்து உருப்படிக்குத் தலா 30 என்று போட்டிருக்கிறார்கள். இந்த 30 எதன் விலை என்று கேட்டால், துணி, நூல், கூலி எல்லாம் சேர்ந்த அடக்கம் என்பார்கள். அப்படியானால் கூலி ஏற்கனவே இதற்குள் இருக்கிறது. அதே உருப்படிக்குக் கூலியையும் நிறுத்தி இந்த 30-ஐயும் பிடிப்பது ஒரே இழப்பை இருமுறை வசூலிப்பதாகும். மேலும், கெட்ட ஆடை குப்பைக்குப் போவதில்லை. ‘செகண்ட்ஸ்’ என்று விற்கப்படுகிறது. அது உருப்படிக்கு 12 ரூபாய்க்கு விற்றிருந்தால் நிறுவனத்தின் உண்மையான இழப்பு 18. தொழிலாளியால் கெட்ட மூன்றுக்கு 54 ரூபாய். பிடித்தம் செய்வது அந்த இடத்தின் சட்டப்படி அனுமதிக்கப்பட்டதே என்று வைத்துக்கொண்டாலும், அவருக்குச் சேர வேண்டியது 4,100-இல் 54 போக 4,046. கிடைத்தது 3,623. வேறுபாடு 423 ரூபாய்; வாரக் கூலியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல்.

இந்த 423-ஐப் பிரித்துப் பாருங்கள். திருப்பிக் கூட்டாத ஆல்டர் 159. ரிஜெக்ட் ஆன பத்தில் நிறுத்திய கூலி 18. மிகையாகப் பிடித்த தரக் கழிவு 246. மூன்றும் மூன்று வெவ்வேறு மேசைகளில் நடந்தவை, மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு திருத்தங்கள் தேவை. ‘தரக் கழிவு’ என்ற ஒற்றை வரி இவற்றை மறைத்துவிடுகிறது என்பதே என் முதன்மையான முறையீடு.

இவை என் சொந்த நியாயங்கள் என்று கருதிவிட வேண்டாம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1949-ஆம் ஆண்டில் வெளியிட்ட கூலிப் பாதுகாப்புப் பரிந்துரை, அதாவது 85-ஆம் பரிந்துரை, இதைத் தெளிவாகவே சொல்கிறது. பொருளுக்கு நேர்ந்த சேதத்துக்காகக் கூலியில் பிடித்தம் செய்வதானால், அச்சேதத்துக்கு அந்தத் தொழிலாளியே பொறுப்பு என்று தெளிவாகக் காட்டப்பட வேண்டும்; பிடிக்கும் தொகை நியாயமானதாகவும் உண்மையான இழப்பைத் தாண்டாததாகவும் இருக்க வேண்டும்; முடிவெடுக்கும் முன் தம் தரப்பைச் சொல்ல அவருக்கு வாய்ப்புத் தரப்பட வேண்டும். அதே ஆண்டின் 95-ஆம் உடன்படிக்கை, சட்டமோ கூட்டு ஒப்பந்தமோ நடுவர் தீர்ப்போ வகுத்த நிபந்தனைக்கும் அளவுக்கும் உட்பட்டே பிடித்தம் செய்யலாம் என்கிறது. பரிந்துரை என்பது தன்னளவில் சட்டம் அன்று. நாட்டுக்கு நாடு விதி மாறும். ஆயினும் உங்கள் அறிக்கையில் ‘பிடித்தங்கள் சரிபார்க்கப்பட்டன’ என்று எழுதும் முன் கேட்க வேண்டிய கேள்விகளுக்கு இதைவிட நல்ல வரிசை எனக்குத் தெரியவில்லை.

பொறுப்பு யாருடையது என்பதில் செக்கிங் நோட்டு எழுதப்படும் விதமே முடிவானது. ‘குறை 5’ என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த நோட்டால் பயனில்லை. பண்டில் எண், குறையின் பெயர், குறை தோன்றிய இடம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். குறையின் பெயரே பாதிக் கதையைச் சொல்லிவிடும். தையல் விட்டு விட்டு விழுந்திருந்தால் ஊசி வளைந்திருக்கலாம், லூப்பரின் நேரம் தவறியிருக்கலாம். அது மெக்கானிக் பார்க்க வேண்டிய வேலை. பின்னல் துணியில் தையலோரம் சிறு ஓட்டைகள் வரிசையாக இருந்தால், பெரும்பாலும் ஊசியின் முனை மழுங்கியிருக்கும், அல்லது பின்னல் துணிக்குரிய உருண்டை முனை ஊசிக்குப் பதில் வேறு ஊசி போடப்பட்டிருக்கும். எண்ணெய்க் கறை பெரும்பாலும் எந்திரத்தின் கசிவு. மடிப்புச் சேர்ந்து தைக்கப்பட்டது, ஓரம் பிடிக்காமல் திறந்து நிற்பது, இரு கைகளும் இடம் மாறி ஏறியது போன்றவை தைத்தவருடையவை. இதில் மழுப்பத் தேவையில்லை, டெய்லர்களும் மழுப்புவதில்லை. அவர்களுக்கு ஆத்திரம் வருவது ஊசி மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுக் கிடைக்காத நாளின் ஓட்டைகளுக்குக் கூலி பிடிக்கும்போதுதான்.

இறுதித் தரச் சோதனையை வைத்துச் செய்யும் பிடித்தம் ஒன்று உண்டு. அதை இன்னும் கடுமையாகச் சொல்ல வேண்டும். ஐஎஸ்ஓ 2859-1 அட்டவணைப்படி, பொதுச் சோதனை நிலை இரண்டில், 1,000 உருப்படி கொண்ட தொகுதியிலிருந்து 80 எடுத்துப் பார்க்கிறார்கள். ஏக்யூஎல் எனப்படும் ஏற்புத் தர வரம்பு 2.5 என்றால் ஐந்து குறை வரை தொகுதி ஏற்கப்படும். ஆறு வந்தால் திருப்பி அனுப்பப்படும். ஆறு வந்துவிட்டது என்பதற்காக லைனில் உள்ள அனைவருக்கும் ஒரு விழுக்காடு போட்டுக் கூலியைக் குறைக்கும் வழக்கத்தைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சோதனை தொகுதியை ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பதற்கு உரியது. எந்த வேலையில், எவர் கையில் குறை நேர்ந்தது என்பதை அது சொல்லாது. திரும்பி வந்த தொகுதியை முழுவதும் செக்கிங் செய்து, சரிசெய்து, பெரும்பகுதியை அனுப்பியும் விடுகிறார்கள். ஆறு சட்டைக்காக நாற்பது பேருக்குப் பிடித்தம் என்பதைப் பதிவேட்டில் எங்கேனும் கண்டால், எல்லாருக்கும் ஒரே விழுக்காடு என்பதே போதிய சான்று. தனித்தனியே பொறுப்பு ஆராயப்படவில்லை என்பதற்கு வேறு ஆவணம் தேட வேண்டியதில்லை.

ஆல்டர் கணக்கில் ஒரு நேர்மையான சிக்கலும் இருக்கிறது. வாரக் கடைசி நாள் ஒதுக்கப்பட்ட உருப்படி அடுத்த வாரம்தான் பாஸ் ஆகும். ‘இந்த வாரம் கழித்தோம், அடுத்த வாரம் கூட்டுவோம்’ என்று கணக்குப் பிரிவு சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அதைக் காட்ட ஒரு வழி வேண்டும். சீட்டில் ஒவ்வொரு ஸ்டைலுக்கும், சென்ற வாரப் பாக்கியையும் இந்த வாரம் தைத்ததையும் கூட்டினால் வரும் எண்ணிக்கை, பாஸ் ஆனது, இறுதி ரிஜெக்ட், அடுத்த வாரத்துக்குச் செல்லும் பாக்கி ஆகிய மூன்றின் கூட்டலோடு ஒத்திருக்க வேண்டும். ஒரு வாரத்தின் இறுதிப் பாக்கியும் அடுத்த வாரத்தின் தொடக்கப் பாக்கியும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்த ஒரு வரி அச்சானால், எழுதப் படிக்கத் தெரிந்த எந்தத் தொழிலாளியும் தம் கூப்பன் தாளை வைத்து வீட்டிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். தனியாக ஆல்டர் டெய்லர் ஒருவரை வைத்துச் சரிசெய்கிற கூடங்களில், அவருக்குக் கொடுத்த கூலியை முதலில் தைத்தவரிடம் கேட்பது பற்றி வாதிடலாம். அப்போதும் முழு விகிதத்தை எடுத்துக்கொள்ள வழியில்லை.

விகிதத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஸ்டைல் எண்ணும் வேலையின் பெயரும் விகிதமும் முதல் பண்டில் லைனுக்கு வரும் முன் எழுதி ஒட்டப்பட்டதா என்று பாருங்கள். தேதியில்லாத விகிதப் பட்டியலை ஏற்காதீர்கள். வேலை முடிந்தபின் விகிதம் நிர்ணயிக்கப்படும் இடங்களில், வேகமாகத் தைத்தவர்களைப் பார்த்தபின் விகிதம் இறங்குவதுண்டு. சீட்டில் மூன்று ஸ்டைல்களையும் கலந்து சராசரி விகிதம் போட்டிருந்தால், அதைத் தனித்தனியே பிரித்துத் தரச் சொல்லுங்கள். போலோவின் 2.25 குழந்தைகள் சட்டையின் 1.25 ஆக மாறிப் பதிவாகிவிட்டால், சராசரிக்குள் அது தெரியவே தெரியாது.

ஆகவே அடுத்த முறை ஒரு கூடத்துக்குச் செல்லும்போது, அண்மையில் முழுவதும் அனுப்பி முடிக்கப்பட்ட ஒரு ஸ்டைலை நீங்களே தேர்ந்தெடுங்கள். நிர்வாகம் எடுத்துத் தருவதை ஏற்க வேண்டாம். அதன் கட்டிங் அறிக்கை, பேக்கிங் பட்டியல், செக்கிங் நோட்டு, ஏதேனும் ஒரு வேலைக்கான எல்லாத் தொழிலாளர்களின் கூப்பன் தாள்கள் ஆகியவற்றைக் கேளுங்கள். சம்பளப் பதிவேட்டோடு இந்த நான்கும் கிடைத்தால் ஒரு முற்பகலில் கணக்கு முடிந்துவிடும். செக்கிங் நோட்டு கிடைக்கவில்லை, பழையதை எறிந்துவிட்டோம் என்ற பதில் வந்தால், அந்தக் காலத்துத் தரக் கழிவுகள் அனைத்தையும் ‘ஆதாரமற்ற பிடித்தம்’ என்றே அறிக்கையில் எழுதி, தொகையைத் திருப்பிக் கொடுக்கப் பரிந்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கழித்தவரே அதற்கான ஆதாரத்தை வைத்திருக்க வேண்டும்; இல்லாத நோட்டுக்குத் தொழிலாளி பொறுப்பாக முடியாது.

இப்படிக்கு,
தையல் பிரிவின் முன்னாள் உற்பத்திக் கணக்கர் ஒருவர்